1000 முறை ஓடவிட்டும் 95 வரவில்லை: நம்பிக்கை இடைவெளியில் அந்த 95 எதைச் சொல்கிறது?

கேள்வி: சராசரி 50, திட்ட விலக்கம் 10 உள்ள இயல்நிலைப் பரவலிலிருந்து பத்துப் பத்து எண்களாக 1000 முறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் சராசரி ± 1.96 × திட்டப்பிழை என்று 95% நம்பிக்கை இடைவெளி போட்டேன். திட்ட விலக்கத்துக்கு `np.std` பயன்படுத்தினேன். 950 இடைவெளிகளுக்குள்ளாவது 50 இருக்கும் என்று நினைத்தால் 903-இல்தான் இருக்கிறது. இது தற்செயலா, நான் செய்த தப்பா? இன்னொன்று: என் கையில் ஒரே ஓர் இடைவெளி இருந்தால், "உண்மைச் சராசரி இதற்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று சொல்லக் கூடாது என்கிறார்கள். ஏன் கூடாது?

பதில்:

தற்செயல் இல்லை. நிரலில் இரண்டு இடங்களில் இடைவெளி தேவையைவிடக் குறுகிவிட்டது. அதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சிமுலேஷன் செய்கிற எல்லாருக்கும் முதலில் தேவைப்படுவது அந்தக் கணக்குதான்.

ஒவ்வோர் இடைவெளியும் 50-ஐப் பிடித்தது அல்லது தவறவிட்டது. நடுவில் எதுவும் இல்லை. பிடிக்கும் நிகழ்தகவு உண்மையிலேயே 0.95 என்றால், 1000 முறையில் சராசரியாக 950 பிடிபடும். அந்த எண்ணிக்கை எவ்வளவு ஆடும்? √(1000 × 0.95 × 0.05), அதாவது சுமார் 6.9. ஆகவே 936-இலிருந்து 964 வரை எது வந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. 903 என்பது 950-க்கு 47 கீழே, அதாவது கிட்டத்தட்ட ஏழு திட்ட விலக்கம் தள்ளி. அவ்வளவு தூரம் அதிர்ஷ்டம் இழுத்துப் போகாது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால்தான் நிரலைத் தோண்ட வேண்டும்.

சரி, தோண்டுவோம். முதல் ஓட்டை `np.std`. அது எதுவும் சொல்லாமல் விட்டால் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை 10-ஆல் வகுக்கும். உங்களுக்கு வேண்டியது 9-ஆல் வகுத்தது. மாதிரியின் சராசரியை அந்த மாதிரியிலிருந்தே எடுத்துவிட்டதால், விலகல்கள் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் சிறியதாகவே தெரியும். 9-ஆல் வகுப்பது அதைச் சரிக்கட்டத்தான். `ddof=1` என்று கொடுத்தால் போதும். இந்த ஒன்றைத் திருத்தினால் 90 சதவீதத்தை ஒட்டி நிற்பது 92-க்கு அருகில் வந்துவிடும். ஆனால் 95 வராது. மீதியைத் தின்பது 1.96.

1.96 தப்பான எண் இல்லை. முழுமைத்தொகுதியின் திட்ட விலக்கம் 10 என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்து, அந்த 10-ஐயே சூத்திரத்தில் போட்டிருந்தால் 1.96 சரியாக 95 சதவீதம் கொடுத்திருக்கும், மாதிரி அளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும். நீங்கள் போட்டது மாதிரியிலிருந்து கணக்கிட்ட திட்ட விலக்கம். அது மாதிரிக்கு மாதிரி மாறும். இந்த வித்தியாசம் எப்படி வெட்டுகிறது என்பதை ஒரே ஒரு மாதிரியை வைத்துக் காட்டுகிறேன். கையால் கணக்குப் போட வசதியாக ஐந்து எண்கள் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

44, 52, 39, 47, 43 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 45. விலகல்கள் −1, 7, −6, 2, −2. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 94. அதை 4-ஆல் வகுத்தால் 23.5, வர்க்கமூலம் 4.85. திட்டப்பிழைக்கு √5-ஆல் வகுக்க வேண்டும்: 2.17. இப்போது 1.96-ஆல் பெருக்கினால் 4.25. இடைவெளி 40.75-இலிருந்து 49.25 வரை. உண்மைச் சராசரியான 50 வெளியே போய்விட்டது.

என்ன நடந்தது என்று பாருங்கள். 45 என்ற சராசரி ஒன்றும் அதிசயமான விலகல் இல்லை. உண்மையான திட்ட விலக்கம் 10 என்பதால், ஐந்து எண்களின் சராசரி 50-ஐச் சுற்றி 4.5 அளவுக்கு ஆடுவது வழக்கமே. பிரச்சினை 4.85-இல் இருக்கிறது. இந்த ஐந்து எண்களும் தற்செயலாக ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுந்துவிட்டன. அதனால் பரவல் 10 அல்ல, 5 என்று மாதிரி நம்மிடம் சொல்கிறது. நாமும் அதை நம்பி இடைவெளியைச் சுருக்கிவிட்டோம். சில மாதிரிகளில் எதிர்மாறாகவும் நடக்கும்: எண்கள் சிதறி விழுந்து, இடைவெளி தேவைக்கு மேல் அகலமாகும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை. அகலமான இடைவெளி எப்படியும் 50-ஐப் பிடிக்கத்தான் போகிறது, இன்னும் அகலமானால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். குறுகும்போது வரும் நஷ்டமோ பெரிது.

இந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் டி-பரவல். ஐந்து எண்களுக்கு 1.96-க்குப் பதில் 2.776 போட வேண்டும். 2.17 × 2.776 = 6.02. இடைவெளி 38.98-இலிருந்து 51.02. அதே ஐந்து எண்கள்தான், 50 இப்போது உள்ளே. உங்களுடைய பத்து எண்களுக்கான பெருக்கி 2.262. 1.96-ஐயே வைத்துக்கொண்டால் நீண்ட ஓட்டத்தில் பத்து எண்களுக்கு 91.8 சதவீதமும், ஐந்து எண்களுக்கு 87.8 சதவீதமும்தான் கிடைக்கும்.

இந்த விஷயத்தைக் கண்டுபிடித்த விதமே ஒரு சிமுலேஷன் கதை. 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கோசெட், சிறிய மாதிரிகளில் சராசரியின் பிழை எப்படிப் பரவும் என்று ஒரு சூத்திரம் கண்டார். அது சரிதானா என்று பார்க்க, 3000 கைதிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் 3000 அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரிகள் ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்குப் போட்டுச் சூத்திரத்தோடு ஒப்பிட்டார். நீங்கள் ஒரு நொடியில் ஓடவிட்ட வேலையைத்தான் அவர் அட்டைகளை வைத்துச் செய்திருக்கிறார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மரியாதை கூடுகிறது.

திருத்திய நிரல் இது:

```python
import numpy as np
from scipy import stats

rng = np.random.default_rng(7)
mu, sigma, n, R = 50, 10, 10, 10000

x  = rng.normal(mu, sigma, size=(R, n))
m  = x.mean(axis=1)
se = x.std(axis=1, ddof=1) / np.sqrt(n)
k  = stats.t.ppf(0.975, n - 1)

lo, hi = m - k*se, m + k*se
hit = (lo <= mu) & (mu <= hi)
print(hit.mean(), (hi < mu).mean(), (lo > mu).mean())
```

10,000 முறை ஆக்கியிருக்கிறேன். இப்போது வரும் சதவீதத்தின் ஆட்டம் 0.2 அளவுதான். எனவே 0.946-க்கும் 0.954-க்கும் நடுவில் ஓர் எண் வந்தால் எல்லாம் ஒழுங்கு. கடைசி வரியில் மூன்று எண்களை அச்சிட்டதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஓட்டத்தில் முதல் 100 இடைவெளிகளை மட்டும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைக் கோடுகளாக வரைந்து, 50-இல் ஒரு செங்குத்துக் கோடு போட்டுப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது, செங்குத்துக் கோடு அசையவே இல்லை என்பது. அசைவதெல்லாம் படுக்கைக் கோடுகள். அவை இடமும் வலமும் நகர்கின்றன, நீளமும் மாறுகிறது. சாதாரணமாக ஒருபக்க நீளம் 7 அளவில் இருக்கும், ஆனால் 4-க்குச் சுருங்கியதையும் 10-க்கு நீண்டதையும் பார்ப்பீர்கள். இரண்டாவது, தவறவிட்டவை சரியாக ஐந்து என்று இருக்காது. நூறில் சரியாக 95 பிடிபடுவது ஐந்து ஓட்டத்துக்கு ஒரு முறைகூட நடக்காது. 91-இலிருந்து 99 வரை எது வந்தாலும் வழக்கம்தான். "நூறு எடுத்தால் அதில் 95" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். "நீண்ட ஓட்டத்தில் சராசரியாக" என்பதைச் சேர்க்காவிட்டால் அந்த வாக்கியம் தவறு.

மூன்றாவதை நான் முக்கியமாக நினைக்கிறேன்: தவறவிட்ட கோடுகளில் எந்த அடையாளமும் இல்லை. செங்குத்துக் கோட்டை அழித்துவிட்டு அந்த நூறு கோடுகளில் ஒன்றை மட்டும் எடுத்து உங்களிடம் கொடுத்தால், அது பிடித்ததா தவறவிட்டதா என்று உங்களால் சொல்ல முடியாது. நிஜ வேலையில் நாம் எல்லாரும் இருக்கும் இடம் அதுதான்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. 95 எதனுடைய குணம்? எண்களை எடுப்பதற்கு முன், "பத்து எண் எடு, சராசரி கணக்கிடு, இருபுறமும் இவ்வளவு தள்ளு" என்ற செய்முறை இருக்கிறதே, அதனுடைய குணம். எண்கள் வந்து, இடைவெளி 43.1 முதல் 55.8 என்று நின்ற பிறகு, அதில் சமவாய்ப்பாக மாறக்கூடியது எதுவும் மிச்சமில்லை. 50-ஐச் சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான். 1937-இல் இந்த முறையை முறைப்படி வகுத்த ஜெர்சி நெய்மன் இதில் கறாராக இருந்தார்: மாதிரி எடுத்து முடித்த பின் உண்மை மதிப்பு அந்த இரு எல்லைகளுக்குள் இருக்கும் நிகழ்தகவு 0 அல்லது 1 என்றே எழுதினார்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று எனக்கும் முன்பு தோன்றியது. "எனக்குத் தெரியாதவரை 95% என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று நானும் கேட்டிருக்கிறேன். என் எண்ணத்தை மாற்றியது மேலே உள்ள நிரலுக்குக் கீழே சேர்த்த நான்கு வரிகள்:

```python
order = np.argsort(hi - lo)
print(hit[order[:1000]].mean())
print(hit[order[4500:5500]].mean())
print(hit[order[-1000:]].mean())
```

10,000 இடைவெளிகளையும் அகலப்படி வரிசைப்படுத்தி, மிகக் குறுகிய ஆயிரம், நடுத்தர ஆயிரம், மிக அகலமான ஆயிரம் என்று தனித்தனியாக எண்ணுகிறோம். மொத்தத்தில் 95 சதவீதம் வந்த அதே இடைவெளிகள்தான். ஆனால் மிகக் குறுகிய ஆயிரத்தில் 81, 82 சதவீதம்தான் 50-ஐப் பிடித்திருக்கும். மிக அகலமான ஆயிரத்தில் தவறுவது சுமார் இரண்டுதான்.

இதை உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். 95 என்பது எல்லா இடைவெளிகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட ஒன்றல்ல. குறுகியவை வாங்கிய கடனை அகலமானவை அடைக்கின்றன. கூட்டிக் கழித்தால் 95. அப்படியிருக்க, கையில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடைவெளியைக் காட்டி "இதற்கு 95" என்று எப்படி ஒட்ட முடியும்? மேலே ஐந்து எண்களில் பார்த்தோமே, 4.85 என்று சுருங்கிய அந்தத் திட்ட விலக்கம், அப்படிப்பட்ட மாதிரிகள்தான் இந்தக் குறுகிய கும்பலில் உட்கார்ந்திருக்கின்றன. கடுமை என்னவென்றால், துல்லியமாக அளந்துவிட்டோம் என்று நமக்கு அதிக மகிழ்ச்சி தருவதும் இந்தக் குறுகிய இடைவெளிகள்தான்.

உடனே "அப்படியானால் என் இடைவெளி குறுகியதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே" என்று தோன்றும். சிமுலேஷனில் முடியும், ஏனென்றால் மற்ற 9,999 இடைவெளிகளும் நம்மிடம் இருக்கின்றன. நிஜத்தில் ஒன்றுதான் இருக்கிறது. எதோடு ஒப்பிட்டுக் குறுகியது என்பீர்கள்? இதே அளவை முன்பு பலமுறை அளந்து, திட்ட விலக்கம் 10 அளவில் இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஒப்பிடலாம். அப்போது அந்த முன்னறிவை வெளிப்படையாகக் கணக்கில் சேர்க்கும் பேயீசியன் முறைக்குப் போவதே நேர்மை. அங்கே "இதற்குள் இருக்க 95% நிகழ்தகவு" என்ற வாக்கியத்தைத் தயங்காமல் சொல்லலாம். அந்த வாக்கியத்துக்கு விலை, முன்னறிவு என்ன என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுவது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்தால்" என்றதும், அதே சோதனையை ஆயிரம் முறை யார் செய்யப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அதே சோதனையாக இருக்க வேண்டியதில்லை. நிரலில் `mu`, `sigma` இரண்டையும் ஒவ்வொரு முறைக்கும் வேறு வேறாக, எப்படி வேண்டுமானாலும் மாற்றிவிடுங்கள். ஒரு முறை சராசரி 3, அடுத்த முறை 8000. ஒவ்வோர் இடைவெளியையும் அதனதன் உண்மைச் சராசரியோடு ஒப்பிட்டு எண்ணினால் மறுபடியும் 95தான் வரும். நெய்மனும் இதை வலியுறுத்தினார். ஒருவர் தன் வேலைக் காலம் முழுவதும் வெவ்வேறு விஷயங்களை அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைவெளி போட்டுக்கொண்டே போனால், அனுமானங்கள் பொருந்தும்வரை நூற்றுக்கு ஐந்து அளவில்தான் தவறுவார். 95 கொடுக்கும் உத்தரவாதம் இது.

ஒரு நிபந்தனை மட்டும்: போட்ட எல்லா இடைவெளிகளையும் எண்ண வேண்டும். பார்த்துவிட்டுப் பொறுக்கினால் உத்தரவாதம் போய்விடும். `mu = 0` என்று வைத்து ஓடவிட்டு, பூச்சியத்தைத் தொடாத இடைவெளிகளை மட்டும் "சுவாரசியமானவை" என்று தனியே எடுங்கள். அவற்றில் உண்மையைப் பிடித்தவை எத்தனை? ஒன்றுகூட இல்லை, தவறவிட்டவற்றை மட்டுமே அல்லவா பொறுக்கியிருக்கிறோம்.

இப்போது அந்த "அனுமானங்கள் பொருந்தும்வரை". இதுவரை இயல்நிலைப் பரவலிலிருந்து எடுத்தோம், அங்கே டி-பரவல் கச்சிதமாகப் பொருந்தும். எடுக்கும் வரியை மட்டும் `rng.exponential(mu, size=(R, n))` என்று மாற்றுங்கள். இது ஒருபக்கம் நீண்ட வால் உள்ள பரவல். சராசரி அதே 50. பெரும்பாலான எண்கள் சிறியவை, எப்போதாவது ஒன்று 150, 200 என்று வரும். மாதிரி அளவு 10-இல் கவரேஜ், அதாவது உண்மைச் சராசரியைப் பிடிக்கும் இடைவெளிகளின் விகிதம், 90 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். 100 எண்கள் எடுத்தால்தான் 94-ஐ நெருங்கும்.

மூன்று எண்களை அச்சிடச் சொன்னது இதற்காகத்தான். இயல்நிலைப் பரவலில் தவறியவை இருபுறமும் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் என்று சமமாகப் பிரியும். இங்கே தவறியவை கிட்டத்தட்ட எல்லாமே ஒரே வகை: முழு இடைவெளியும் 50-க்குக் கீழே கிடக்கும். காரணம், அந்த எப்போதாவது வரும் பெரிய எண்தான் சராசரியையும் தூக்குகிறது, திட்ட விலக்கத்தையும் தூக்குகிறது. அது பத்து எண்களுக்குள் வராத மாதிரியில் இரண்டும் சேர்ந்து விழுகின்றன: சராசரி கீழே போகிறது, அதே நேரத்தில் இடைவெளியும் சுருங்கிவிடுகிறது. தப்பான இடத்தில் நின்றுகொண்டு, தன் துல்லியத்தை மிகைப்படுத்திச் சொல்லும் இடைவெளி அது. காத்திருக்கும் நேரம், பழுது ஏற்படும் இடைவேளை, இழப்பீட்டுத் தொகை என்று வால் நீண்ட எதையாவது சிறிய மாதிரியில் அளப்பவர்கள் உண்மைச் சராசரியைக் குறைத்தே மதிப்பிட்டுவிடுவது இப்படித்தான். எனவே கவரேஜ் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தாமல், எந்தப் பக்கம் தவறுகிறது என்பதையும் பாருங்கள். மொத்தம் 95 வந்தும் தவறுகள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருந்தால், மேல் எல்லையை நம்பி முடிவெடுப்பவருக்கு அந்த 95 உதவாது.

உங்களுடைய தரவு எந்தப் பரவலைப் போல இருக்கிறதோ அதையே `x` வரியில் போட்டு, உங்கள் மாதிரி அளவையே `n`-இல் போட்டு ஓடவிடுங்கள். அங்கே 91 வந்தால், உங்கள் அறிக்கையில் "95%" என்று எழுதியிருக்கும் இடைவெளி நிஜத்தில் 91% இடைவெளி. அதை அப்படியே எழுதுங்கள், இல்லையென்றால் மாதிரியைப் பெரிதாக்குங்கள். ஓர் இடைவெளியைப் பற்றி எழுதும்போது நான் பயன்படுத்தும் வாக்கியம் இது: "நீண்ட ஓட்டத்தில் 95 சதவீத முறை உண்மைச் சராசரியைப் பிடிக்கும் ஒரு முறையால் கிடைத்த இடைவெளி 43.1 முதல் 55.8 வரை." கொஞ்சம் நீளம்தான், ஆனால் அதில் நீங்கள் ஓடவிட்டுச் சரிபார்க்க முடியாத சொல் ஒன்றும் இல்லை.